870 கிராம் கிலோ

ஒரு கிலோ எத்தனை கிராம் என்று நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் யாராவது கேட்டால், "யார் கொடுக்கிறார்கள், யார் வாங்குகிறார்கள்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். அரசு வாங்கினால் கிலோ கொழுக்கும். அரசு கொடுத்தால் இளைக்கும். மதுராந்தகம் பக்கத்து விவசாயி நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனால் 40 கிலோ மூட்டைக்கு 40 கிலோ போதாது, மேலே ஒரு கிலோ சேர்த்துப் போடச் சொல்கிறார்கள். அறுவடைக்கு அறுவடை விவசாயச் சங்கங்கள் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்ட புகார் இது. காரணம் கேட்டால் ஈரப்பதம் என்பார்கள். நெல் காய்ந்தால் எடை குறையுமே, அந்த நட்டத்தைப் பாவம் அரசு எப்படித் தாங்கும்?

அந்த நெல் அரிசியாகி, கிடங்கு கிடங்காகச் சுற்றி, ரேஷன் கடைக்கு வந்து, ஒரு பாட்டியின் பையில் 20 கிலோவாக விழும்போது பத்தொன்பதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடுகிறது. கேட்டால், "மூட்டையே அப்படித்தாம்மா வருது" என்கிறார் விற்பனையாளர். விவசாயியின் நெல்லில் ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கண்டுபிடிக்கக் கருவி இருக்கிறது. அரசின் மூட்டை வழியில் ஏன் மெலிந்தது என்று கண்டுபிடிக்க மட்டும் இந்த நாட்டில் கருவியே இல்லை.

நம் ஆட்களுக்குச் சரியாக நிறுக்கத் தெரியாது என்று எண்ணிவிட வேண்டாம். 2022 ஜூலை 18-ஆம் தேதி முதல், 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய அரிசி மூட்டைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. உடனே தமிழ்நாட்டு அரிசிக் கடைகளில் 26 கிலோ மூட்டை பிறந்தது. வரியிலிருந்து தப்ப ஒரு கிலோவை எப்படித் துல்லியமாகக் கூட்ட வேண்டும் என்பது அவர்களுக்கு ஒரே வாரத்தில் விளங்கிவிட்டது. நம் பையில் விழும்போது மட்டும் தராசுக்குக் கண் தெரிவதில்லை.

ரேஷன் கடையில் நடப்பதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு கடைக்கு 800 அரிசி கார்டுகள், கார்டுக்கு 20 கிலோ என்று வையுங்கள். மாதம் 16,000 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை 320. மூட்டைக்கு இரண்டு கிலோ குறைந்து வந்தால் 640 கிலோ காணவில்லை. மூட்டைகள் குறைவாகத்தான் இறங்குகின்றன என்பது ரேஷன் ஊழியர் சங்கங்களே ஆண்டுக்கணக்காக வெளிப்படையாகச் சொல்லும் புகார். போதாததற்குச் சாக்கின் எடையே அரைக் கிலோவுக்கு மேல். அதை அரிசிக் கணக்கில் சேர்த்தார்களா இல்லையா என்பது தனி வழக்கு. ஆனால் இருப்புப் பதிவேட்டில் 16,000 கிலோ வந்ததாகத்தான் இருக்கும். மாதக் கடைசியில் பறக்கும் படை வந்து இருப்பைச் சரிபார்த்தால், அந்த 640 கிலோவுக்கான அபராதம் கிடங்கில் இருப்பவருக்கு வராது, லாரிக்காரருக்கும் வராது. கடைசியாகத் தராசு பிடித்தவர் கட்ட வேண்டும். 640 கிலோவை 800 கார்டுக்குப் பிரித்தால் தலைக்கு 800 கிராம். பாட்டியின் பை ஏன் பத்தொன்பதே சொச்சத்தில் நின்றது என்பதற்கு இதைவிட நேர்த்தியான விளக்கம் வேண்டுமா? மேலே ஒருவர் அள்ளுகிறார், கீழே இருப்பவர் அதை எல்லோருக்கும் சமமாகப் பங்கிடுகிறார். நம் ஊரில் ஒழுங்காக நடக்கும் சமபங்கு இது ஒன்றுதான்.

இதற்கு அரசு கண்ட மருந்து என்ன? 2025-இல் ரேஷன் கடைத் தராசுகளை விற்பனைக் கருவியோடு புளூடூத் வழியாக இணைக்கும் வேலை நடந்தது. சரியான எடை தராசில் ஏறினால்தான் பில் வரும். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊழியர்கள் கேட்டது என்ன? "எங்களுக்கு இறக்கும் மூட்டையையும் கடை வாசலில் நிறுத்துக் கொடுங்கள்" என்றார்கள். சங்கிலியின் வாலில் இருக்கும் தராசுக்கு புளூடூத் மாட்டிவிட்டு, தலையில் இருக்கும் தராசுக்குத் துணி போர்த்தி வைத்தால், வாலில் நிற்பவர் என்ன செய்வார்? ஏறும் எடையில் பையைச் சேர்ப்பார், சாக்கைச் சேர்ப்பார், விரலைச் சேர்ப்பார்.

இந்த விஷயத்தில் பழைய காலம் நாணயமாக இருந்தது என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. செங்கல்பட்டு ஜாகீரில் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற கம்பெனி அதிகாரி நடத்திய கணக்கெடுப்பில், களத்து மேட்டில் குவியும் நெல்லிலிருந்து கோயிலுக்கு எவ்வளவு, கணக்குப்பிள்ளைக்கு எவ்வளவு, வெட்டியானுக்கு எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பிடித்தம் இருந்தது. அதற்குப் பெயரும் இருந்தது, வாங்குகிறவர் யார் என்பதும் ஊருக்குத் தெரிந்திருந்தது. இன்றைய பிடித்தத்துக்குப் பெயரும் இல்லை, ஆளும் இல்லை. அதற்குப் பதில் கியூஆர் கோடு இருக்கிறது.

ரேஷன் கதை ஏழைகளுடையது, நமக்கென்ன என்று பழைய மகாபலிபுரம் சாலையோரத்து அடுக்ககங்களில் இருப்பவர்கள் ஆறுதல்பட வேண்டாம். உங்களுக்கு அதே சேவை வீடு தேடி வருகிறது. எங்கள் எதிர் வீட்டு அக்கா செயலியில் ஒரு கிலோ தக்காளி வாங்கினார். விலை 48 ரூபாய். சமையலறைத் தராசில் வைத்தால் 870 கிராம். கொண்டுவந்த பையன் இன்னும் வாசலில்தான் நின்றிருந்தான்.

"தம்பி, இதைப் பாரு, எவ்வளவு குறையுது?"

"அக்கா, எனக்கு ஒட்டித்தான் குடுப்பாங்க. நான் பிரிச்சுப் பார்க்க முடியாதுக்கா. ஆப்ல போடுங்க."

ஆப்பில் போட்டார். பிறகு ஒரு பெண் போனில் வந்தார். "மேடம், காய்கறி நேச்சுரல் புராடக்ட். டிராவல்ல மாய்ஸ்ச்சர் லாஸ் ஆகும்." கிடங்கிலிருந்து வீட்டுக்கு வந்த நேரத்தில் ஒரு கிலோ தக்காளி 130 கிராம் வியர்க்காது. வியர்த்திருந்தால் வந்திருப்பது தக்காளி வற்றல். கீரையும் காளானும் ஒரு நாளில் கொஞ்சம் வாடி எடை இழக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஐஸில் வைத்த இறால் கரைந்து தண்ணீர் விடும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். தோல் முறுக்காக இருக்கும் தக்காளி பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருந்தால், அது நிறுக்கும்போதே இல்லாத எடை.

கொக்கிலமேட்டுக் கரையில் மீன்காரம்மா சங்கராவைக் கூறு கட்டி வைக்கிறார். கூறு இவ்வளவு, விலை இவ்வளவு. பார், பேரம் பேசு, பிடித்தால் எடு. அங்கே கிராமும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. கூறு தராசில் ஏறி, தராசு செயலியில் ஏறி, நாகரிகம் ஏற ஏறத்தான் மீன் எடை குறைகிறது. செயலியில் வஞ்சிரம் வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் பாருங்கள்: எழுதியிருக்கும் எடை கழுவுவதற்கு முந்தியதா, பிந்தியதா? இரண்டும் போட்டிருந்தால் கழுவிய எடைதான் உங்கள் கையில் வர வேண்டியது. கழுவிய எடையே போடாமல் விற்றால் தலையும் குடலும் வஞ்சிரம் விலையில் வருகின்றன.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? கடையில் உதிரியாக நிறுத்துத் தரும் பொருள் ஒரு வகை, லேபிள் ஒட்டிய பொட்டலம் இன்னொரு வகை. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் உதிரிக்கு நேராகப் பேசுகிறது. ஒப்புக்கொண்ட எடைக்குக் குறைவாகக் கொடுத்தால் 30-ஆவது பிரிவின்படி அது குற்றம். வாடிக்கையாளர் சேவைக் குறைபாடு என்றோ அனுபவக் குறைவு என்றோ அந்தச் சட்டம் சொல்லவில்லை, குற்றம் என்றுதான் சொல்கிறது.

பொட்டலத்துக்கு 2011-இன் விதிகள் இருக்கின்றன. இயந்திரம் அடைக்கும்போது கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும் என்று அந்த விதிகள் ஒப்புக்கொள்கின்றன. ஒரு கிலோ பொட்டலத்தில் 15 கிராம் வரை, 5 கிலோவில் 75 கிராம் வரை குறையலாம். எடை என்றால் உறை நீங்கலான எடை. நம் ஊர் அடைப்பாளர்கள் சிலர் இதை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அடுத்த வரியில் இருப்பது, சோதனைக்கு எடுத்த பொட்டலங்களின் சராசரி, லேபிளில் போட்ட எடைக்குக் குறையக் கூடாது என்பது. அதாவது ஒன்று 990 கிராம் இருந்தால் இன்னொன்று 1,010 இருக்க வேண்டும். நூறு பொட்டலமும் ஒன்று சொன்னாற்போல் 986 கிராம் என்றால் அது இயந்திரத்தின் தடுமாற்றமல்ல, முதலாளியின் தீர்மானம். துவரம்பருப்பு கிலோவுக்கு 14 கிராம் உங்களுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆயிரம் பொட்டலத்துக்கு அது 14 கிலோ பருப்பு. அதை அடைத்து விற்கப் புதுப் பொட்டலம் பதினான்கு வேண்டும். அவற்றிலும் தலா 14 கிராம் குறைப்பார்கள் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

'சுமார் 500 கிராம்', 'ஏறத்தாழ' என்று எடையோடு ஒட்டி வரும் வால்களை அந்த விதிகள் பொட்டலத்தின் மேல் அனுமதிப்பதில்லை. பணத்தில் மட்டும் இந்தச் சுமார் கிடையாது என்பதைக் கவனித்தீர்களா? 500 கிராமுக்குச் சுமார் 24 ரூபாய் அனுப்பிப் பாருங்கள், ஆர்டர் உங்கள் தெருவைக்கூட எட்டாது.

இனிப் புகாருக்கு வருவோம். முதல் சந்தேகம் உங்கள் சமையலறைத் தராசின் மேல்தான் வர வேண்டும். எதிராளியும் அதைத்தான் முதலில் கேட்பார். 2011-க்குப் பின் வந்த இரு நிறப் பத்து ரூபாய் நாணயம் ஒன்று 7.71 கிராம். பதின்மூன்று நாணயங்களை ஏற்றினால் தராசு 100 காட்ட வேண்டும், ஒரு கிராம் முன்பின் இருக்கலாம். நம் ஊர்க் கடைகள் வாங்க மாட்டேன் என்று தள்ளிய நாணயத்துக்குக் கடைசியில் அந்தக் கடைகளையே பிடிக்கும் வேலை கிடைத்திருக்கிறது.

தராசு தேறிவிட்டால், பையைப் பிரிக்காதீர்கள். கைப்பேசியில் ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள்: காலித் தராசில் பூஜ்யம், பையின் மேல் ஆர்டர் எண், தராசில் பை, காட்டும் எடை. தனித்தனிப் புகைப்படங்களை அனுப்பினால், "இது எங்கள் பைதானா, சார்?" என்பார்கள். பொட்டலமாக இருந்தால் அடைத்தவர் பெயர், முகவரி, தொகுதி எண், அடைத்த மாதம் எல்லாம் படத்தில் விழட்டும். முடிந்தால் முத்திரை வைத்த தராசு உள்ள மாவு மில்லிலோ கடையிலோ இன்னொரு முறை நிறுத்துவிடுங்கள். உங்கள் வீட்டுத் தராசு சந்தேகத்தைக் கிளப்பும். அரசு முத்திரை உள்ள தராசுதான் அதை நிலைநிறுத்தும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும், சான்றிதழ் கடையில் கண்ணில் படும்படி தொங்க வேண்டும். சாமி படத்துக்குப் பின்னால் தொங்கினால் எடுத்துப் பாருங்கள், சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிறகு செயலியில் போடுங்கள், அதுவும் அன்றைக்கே. பல நிறுவனங்கள் சில மணி நேரமோ ஓரிரு நாளோதான் கதவைத் திறந்து வைக்கும். 'பொருள் சரியில்லை' என்ற பொத்தானை அமுக்கினால் விவகாரம் தக்காளியின் அழகைப் பற்றியதாகிவிடும். அளவு குறைவு என்ற பிரிவைத் தேடுங்கள். இல்லாவிட்டால் எழுதும் இடத்தில் இப்படி எழுதுங்கள்: "ஆர்டர் செய்தது ஒரு கிலோ, பணம் கட்டியது ஒரு கிலோவுக்கு, வந்தது 870 கிராம், குறைவு 130 கிராம். பிரிக்காத பையின் வீடியோ இணைத்திருக்கிறேன். குறைவுக்கான தொகையைப் பணம் கட்டிய கணக்கிலேயே திருப்பித் தரவும். விற்பனையாளரின் பெயரையும் முகவரியையும் தெரிவிக்கவும்." கடைசி வரிதான் முக்கியம். அதைக் கேட்டதும் குரலில் ஒரு மரியாதை வரும்.

அங்கே மசியவில்லையென்றால் அந்த நிறுவனத்தின் குறைதீர்க்கும் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-இன் மின் வணிக விதிகளின்படி அவருடைய பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் அவர் புகார் கிடைத்ததென்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். அவர்கள் உங்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்குவார்கள். உத்தரவு போட அவர்களுக்கு அதிகாரம் இல்லை. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, e-jagriti.gov.in வழியாக, இரண்டு ஆண்டுக்குள் மனுப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. மூன்று மாதத்தில் தீர்க்க 'முயல வேண்டும்' என்கிறது சட்டம். முயற்சி திருவினையாக்கும் என்று நம்பிக் காத்திருக்கலாம்.

ரேஷனில் இழந்தவர்களுக்கு வழி வேறு. பில் போட்டதும் பதிவு செய்த கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். உங்களுக்கு எவ்வளவு கொடுத்ததாக அரசே எழுதித் தந்த வாக்குமூலம் அது. பையை அன்றைக்கே முத்திரைத் தராசில் நிறுத்து, 1967 அல்லது 1800 425 5901 எண்ணில் சொல்லுங்கள். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை வட்டத்தில் நடக்கும் பொது விநியோகக் குறைதீர் முகாமில் எழுத்தாகவும் கொடுங்கள். மாமல்லபுரத்துக்காரர்களுக்குத் திருக்கழுக்குன்றம் வட்டம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்குப் பொருள் வீட்டுக்கே வருகிறது. வண்டியோடு மின்னணுத் தராசும் வர வேண்டும் என்பது ஏற்பாடு. தாத்தாவின் எதிரில் நிறுக்கச் சொல்லுங்கள். மனுவில் ஒரு வரி சேர்க்க மறக்காதீர்கள்: "இந்தக் கடைக்குக் கிடங்கிலிருந்து இந்த மாதம் இறங்கிய மூட்டைகளையும் நிறுத்துப் பார்க்கவும்." இந்த வரி இல்லாத புகார் விற்பனையாளரின் சம்பளத்தில் கை வைத்துவிட்டு அங்கேயே படுத்துவிடும். 640 கிலோவைத் தின்றவர் ஏப்பம்கூட விட மாட்டார்.

எதிர் வீட்டு அக்காவுக்கு என்ன கிடைத்தது? 130 கிராமுக்கு ஆறு ரூபாய் இருபத்துநான்கு காசு. அதுவும் பணமாக அல்ல, அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ளக் கூப்பனாக. குறைத்து நிறுத்த கடையிலேயே மறுபடி வாங்கினால்தான் குறைத்த காசு திரும்பும். "கம்ப்ளைண்ட் குளோஸ் பண்ணிடட்டுமா, மேடம்?" என்று தேன் ஒழுகக் கேட்டார்கள். அக்காவும் சரி என்றார். எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். ஆறு ரூபாய்க்கு யார் அலைவார்கள்? இந்தக் கேள்வியின் மேல்தான் அந்த வியாபாரமே நிற்கிறது. 130 கிராம் என்பது கவனக்குறைவில் விழுந்த எண்ணாகத் தெரியவில்லை. 300 குறைந்தால் சண்டைக்கு வருவோம், 30 குறைத்தால் அவர்களுக்குக் கட்டாது. நம் சோம்பலை யாரோ நம்மைவிடத் துல்லியமாக நிறுத்து வைத்திருக்கிறார்கள்.

கூப்பனை வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் காசுதான். ஆனால் அந்த ஆறு ரூபாய் உங்களுக்கும் கடைக்கும் உள்ள கணக்கை மட்டுமே தீர்க்கிறது. அன்றைக்கு அதே தராசில் தக்காளி வாங்கிய மற்றவர்களின் கணக்கு அப்படியே இருக்கிறது. அதனால் இரண்டு புகார் கொடுங்கள். காசுக்கு ஒன்று, குற்றத்துக்கு ஒன்று. இரண்டாவது போக வேண்டிய இடம் தொழிலாளர் துறை. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) இருக்கிறார், அவருக்குக் கீழே முத்திரை ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், புகார் கொடுக்க TN-LMCTS என்ற செயலியும் இருக்கிறது. கிடங்குக்குள் போய்த் தராசைச் சோதிக்கவும், பொட்டலங்களை எடுத்துச் சராசரி பார்க்கவும், வழக்குப் போடவும் அதிகாரம் அவர்களுக்குத்தான் உண்டு, உங்களுக்கும் எனக்கும் கிடையாது. 2009-இல் எழுதியபடி முதல் முறை பிடிபட்டால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். அது சிறு தொகைதான். ஆனால் அதைக் கூப்பனாகக் கட்ட முடியாது.

அவர்கள் வருவார்களா என்று கேட்பீர்கள். தீபாவளிக்கு முன் இனிப்புக் கடைகளில் டப்பாவைச் சேர்த்து நிறுக்கிறார்களா என்று பார்க்க வருகிறார்கள், செய்தித்தாளில் படமும் வருகிறது. தீபாவளி இல்லாத நாளில் அவர்களை வரவழைக்க எழுத்துப் புகார் வேண்டும், ஒன்றல்ல, ஒரே கிடங்கின் மேல் ஒரு தெருவே கொடுக்கும் புகார்கள். திருடியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் திருட்டே நடக்கவில்லை என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. ஆறு ரூபாய்க் கூப்பனில் மட்டும்தான் எழுதியிருக்கிறது, நாமும் கீழே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.